நாற்காலியின் தற்குறிப்பு

கல்லூரித் தேர்வுப் பிரிவில் எழுத்தராக இருந்த எனக்கு மதுரையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வேலை விளம்பரம் கண்ணில் பட்டது. ஊதியம் கூடுதல் என்பதைவிட, தேர்வுப் பிரிவின் சன்னலில்லாத அறையிலிருந்து வெளியேறலாம் என்பதே என்னை ஈர்த்தது. விண்ணப்பத்தோடு அனுப்ப எழுதிய என் தற்குறிப்பை மனைவியின் தம்பியிடம் காட்டினேன். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஆளெடுப்புப் பிரிவில் இருப்பவன். ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

கைகழுவி வந்து படித்தவன் சிரித்துவிட்டான்.

"என்ன அத்தான் இது? இவங்க போட்ட விளம்பரத்தையே திருப்பி அனுப்புத மாதிரில்லா இருக்கு. 'விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், நுழைவுச்சீட்டு வழங்குதல், கடிதப் போக்குவரத்து.' இதுல உங்க நாற்காலிதான் இருக்கு. உங்களக் காணோம்."

"நாற்காலிக்கு உள்ள வேலையத்தானே நான் பாக்கேன்?"

"அந்த நாற்காலில யாரு உக்காந்தாலும் இதையேதான் எழுதுவான். நீங்க உக்காந்ததுனால என்ன மாறிச்சு? அதச் சொல்லுங்க."

'ஆவன செய்யப்பட்டது' என்று எழுதியே பழகிய கை என்னுடையது. எங்கள் கோப்புகளில் செயல்கள் உண்டு; செய்தவர் கிடையாது. முதல்வரின் ஒப்பம் மட்டும் உண்டு. தன்னைத் தானே புகழ்வது குற்றம் என்றே நான் பயின்றிருந்தேன்.

அவன் விடவில்லை. நுழைவுச்சீட்டைப் பற்றிக் கிண்டிக் கிண்டிக் கேட்டான். முன்பெல்லாம் எல்லாத் துறை மாணவரும் எங்கள் அறை வாசலில் ஒரே வரிசையாக நாள் முழுதும் வெயிலில் நிற்பார்கள். நான் துறைவாரியாகப் பிரித்துக் கட்டி வகுப்பறைக்கே அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன், முற்பகலுக்குள் முடிந்துவிடும். அதை எழுதச் சொன்னான். 'உதவினேன்' என்று முடித்தேன்.

"யாருக்கு உதவுனீங்க?"

"முதல்வருக்கு."

"அவரா பிரிச்சுக் கட்டுனாரு?"

"அவருக்கு அது நடந்ததே தெரியாது."

"அப்பம் எதுக்கு உதவினேன்? அடிங்க அதை."

அடித்தேன். 'நுழைவுச்சீட்டை வகுப்பறைக்கே அனுப்பும் முறையைத் தொடங்கி, ஒரு நாள் காத்திருப்பை முற்பகலுக்குள் முடித்தேன்' என்று ஒற்றை வரி நின்றது. நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் சேர்க்கலாமா என்று நானே கேட்டேன்.

"அளந்து வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்பம் போடாதீங்க. நேர்காணல்ல கேட்டா முழிக்கணும். முன்ன எப்படி, பின்ன எப்படின்னு சொன்னாப் போதும்."

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை ஒவ்வொரு பருவமும் சிலர் தவறவிடுவார்கள். வகுப்புத் தலைவர்களின் கைப்பேசிக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பத் தொடங்கியபின் ஒருவரும் தவறவிடவில்லை. அது இரண்டாம் வரி. மாலைக்குள் ஒரு பக்கக் கடமைப் பட்டியல் ஐந்து வரிகளாகச் சுருங்கியிருந்தது. அந்த வரிகளில் தெரிந்த மனிதனை எனக்கு அதுவரை பழக்கமில்லை. கூச்சமாக இருந்தது, அவனைப் பிடித்தும் இருந்தது. ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்பினோம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்றிருந்தது. அவை என்னிடம் இல்லை. பணியில் சேரும் அன்றே அசலை வாங்கித் தாளாளர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டுவது எங்கள் கல்லூரி வழக்கம்.

அவற்றைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காரணத்தை மறைக்கத் தெரியவில்லை. காரணம் எழுதினால் சான்றும் இணைக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தையும் அதற்கு அடிப்படையான தற்குறிப்பையும் 'இணைப்பு: இரண்டு' என்று குறித்துத் தாளாளர் மேசையில் வைத்தேன்.

அவர் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டுத் தற்குறிப்பை எடுத்தார். மெதுவாகப் படித்தார்.

"இந்தச் சீட்டு விசயம் நீரா செஞ்சது?"

"ஆமாங்க ஐயா."

"செல்போன்ல சேதி போடுதது?"

"நான்தான் ஐயா."

"முதல்வரு தன் யோசனைன்னுல்லா எங்கிட்டச் சொன்னாரு! இம்புட்டு வேலையும் பாத்துட்டு மூச்சு விடாம இருந்திருக்கீரே வே." எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "இப்படிப்பட்ட ஆள மதுரைக்காரனுக்குத் தூக்கிக் குடுக்க நான் என்ன பைத்தியமா? கல்வியாண்டு முடியட்டும், பாப்போம். விடுதி நிர்வாகம் சீரழிஞ்சு கெடக்கு. நாளையிலேருந்து அதையும் நீரே பாரும்."

அலமாரியைத் திறந்தார். என் சான்றிதழ்க் கோப்பு தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தொலைவு. தற்குறிப்பை அதனுள் செருகிப் பூட்டினார். சாவி சட்டைப்பைக்குள் விழுந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசினேன். நகல் ஏற்கப்படாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான். "தற்குறிப்ப அவருகிட்ட ஏன் அத்தான் குடுத்தீங்க?"

"இணைப்பில்லாம விண்ணப்பம் வச்சுப் பழக்கமில்ல."

விடுதிப் பொறுப்பு தலையில் விழுந்ததையும் சொன்னேன். பிறகு, விடுதியில் என்ன சீர்கெட்டுக் கிடக்கிறது என்று கேட்டான். தண்ணீர், சாப்பாடு, அறை ஒதுக்கீடு என்று சொல்லத் தொடங்கினேன்.

"இப்பவே குறிச்சு வைங்க," என்றான். "முன்ன எப்படி இருந்துச்சுன்னு பின்னால யாராவது கேப்பாங்க."

குறிக்கவில்லை. நான் எதைச் சரிசெய்தாலும் அந்தப் பூட்டு இன்னும் ஒரு சுற்று இறுகும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் மறுநாள் விடுதிக்குப் போனதும், ஒழுகிக்கொண்டிருந்த குழாயை யார் அடைப்பது என்றுதான் முதலில் கேட்டேன்.