நீராவியக்கா அனுப்பிய இரண்டு செகண்டு

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் இஸ்திரி இயந்திரம் ஓட்டுபவளுக்கு நீராவியக்கா என்றே பெயர். பத்து வருஷமாக ஷிப்ட் பொறுப்பு வரும் வரும் என்று காத்திருந்தவள்.

விரிப்புகள் கருகி வந்தன. டிரையர் பழசு என்றார் சூப்பர்வைசர். இவள் திறந்து பார்த்தாள். தினமும் அவர் சுத்தம் செய்ய வேண்டிய சல்லடையில் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது. போட்டோ எடுத்து வேலைக் குழுவில் போட்டாள், பஞ்சையும் வழித்தெடுத்தாள். பதிலுக்கு அவர் சினிமாவிலிருந்து வெட்டிய ஒரு ஜிஃப் அனுப்பினார்: கோட்டு போட்ட ஆள் கைதட்டுகிறான், விடாமல் தட்டுகிறான். இவள் பூரித்துப்போய், "நன்றி சார்" என்று எழுதினாள். குழு முழுக்கச் சிரிப்பு பொம்மைகள்.

வீட்டில் நாத்தனார்தான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு விஷயத்தை உடைத்தாள்.

"அண்ணி, இது பாராட்டு இல்ல, நக்கல். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி பாருங்க. உதடு ஒரு பக்கம்தான் ஏறுது, கண்ணு சிரிக்கவே இல்ல. படத்துல ஹீரோ கீழ விழுந்து கிடக்கும்போது வில்லன் தட்டுறது இது. அனுப்புறவன் தன் மூஞ்சிக்குப் பதிலா அந்த மூஞ்சிய வெக்கிறான். விழுந்து கிடக்கிறது நீங்க."

அவமானத்தில் காது சுட்டது. அழவில்லை, கறுவினாள். அதன்பிறகு வரும் ஒவ்வொரு ஜிஃப்பையும் படத்தில் தேடிப் பிடித்து, வெட்டுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்தாள்.

முதலாளியம்மா அந்தக் குழுவை எப்போதாவதுதான் திறப்பார். ஒரு நாள் காலை அவரே எழுதினார்: "கருகல் நின்றுவிட்டது. யார் கண்டுபிடித்தது?" சூப்பர்வைசர் கூசாமல், "நான்தான் மேடம், சல்லடை அடைப்பு" என்றார்.

நீராவியக்கா அந்தச் செய்திக்கே பதிலாக ஒரு ஜிஃப் வைத்தாள். முகம் மலர்ந்த பெண் ஒருத்தி, பெரிய மனிதர் உட்கார நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். இழுப்பாள், சிரிப்பாள், மறுபடி இழுப்பாள். இரண்டு செகண்டில் அவ்வளவுதான் தெரியும்.

"உங்கள் மரியாதைக்கு நன்றிம்மா" என்றார் சூப்பர்வைசர்.

குழு வெடித்தது. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடுத்த நொடி அவள் நாற்காலியைப் பின்னால் உருவுவாள், அவர் மல்லாக்க விழுவார்.

முதலாளியம்மாவும் பார்த்தவர்தான். "யாரை விழவைக்கிறாய்?" என்று கேட்டார். இவள் தேதியோடு கிடந்த பழைய போட்டோவை எடுத்து முன்னால் வைத்தாள். சூப்பர்வைசர் தன் நன்றியை அவசரமாக அழித்தார். 'செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் எல்லோர் போனிலும் பல்லிளித்தது.

மத்தியானம் ஷிப்ட் பொறுப்பு இவள் கைக்கு வந்தது. சூப்பர்வைசர் இஸ்திரி மேஜைக்கே வந்து நின்றார்.

"அந்தப் படம் நான் பாக்கலயேம்மா."

அவளுக்கு இரக்கம் துளியும் வரவில்லை. நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது.

"அவசியம் பாருங்க சார்," என்றாள். "மூணாவது செகண்டுதான் ரொம்ப நல்லாருக்கும்."