அமராவதி மறைத்த கமெண்ட்டுகள்

அமராவதிக்கு வாய் ஜாஸ்தி என்று மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர்கள் யாரும் அவள் வேலை பார்ப்பதைப் பார்த்ததில்லை. ஊர் வாய்க்கெல்லாம் காவல் இருந்துகொண்டு தன் வாயை மட்டும் மூடிக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வீட்டுக்குப் போனதும் வாய் ஜாஸ்தி ஆகும்.

சிதம்பரத்தில் ஒரு மொபைல் கடையின் மாடியில் இரண்டு அறை. அங்கிருந்துதான் 'வெள்ளாற்று வட்டம்' என்ற இன்ஸ்டாகிராம் பக்கம் நடக்கிறது. மழை லீவு, பஸ் மறியல், புதுக் கல்யாண மண்டபம் என்று போட்டுப் போட்டு ஒன்றேகால் லட்சம் பேரைச் சேர்த்த பக்கம். முதலாளி ஸ்ரீதர். படம் வரைந்து எழுத்து கோக்கிறவள் ப்ரீத்தி. கமெண்ட் பகுதி முழுக்க அமராவதி பொறுப்பு. அவள் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. பதில் போட்டாலும் பக்கத்தின் பெயரில்தான் போகும். அதுவே நல்லது என்று நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை பத்துப் படம் கொண்ட கேரசல் ஒன்று போட்டார்கள். புவனகிரிப் பக்கம் ஒரு ஊர். பேரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். அங்கே காலனிக்காரர்களுக்குச் சுடுகாடு இருக்கிறது, போக வழி இல்லை. வழியில் இருப்பதெல்லாம் வயல். நடவு நட்டுவிட்டால் பாடையை வாய்க்காலில் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான்காவது படத்தில் அதுதான் இருந்தது: நான்கு பேர், தண்ணீர், தோளில் பாடை. பத்தாவது படத்தில் ஒரே வரி: எட்டடிப் பாதை வேண்டும்.

மத்தியானத்துக்குள் கமெண்ட் எண்ணூறைத் தாண்டியது. ஐயோ, அதைப் படிக்க வேண்டுமே! படித்தவள் அமராவதி. சாதியைச் சொல்லித் திட்டியவன், படம் எடுத்தவன் கையை வெட்டுவேன் என்றவன், ஐந்து பொய்க் கணக்கிலிருந்து ஒரே வசையை ஒட்டியவன். மிரட்டலை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயர், நேரத்தோடு ஒரு ஃபோல்டரில் போட்டாள். நாளைக்கு போலீசுக்குப் போக வேண்டி வந்தால் கையில் எதுவும் இல்லாமல் நிற்கக் கூடாது. அப்புறம் புகார் அழுத்தி, அழித்து, ஆளை பிளாக் செய்தாள். வெறும் வம்புக்காரர்களை 'ரெஸ்ட்ரிக்ட்' செய்தாள். அவர்கள் கத்துவது அவர்களுக்கு மட்டும் தெரியும், ஊருக்குத் தெரியாது. கத்தட்டும்.

மாற்றுக் கருத்தை மட்டும் அவள் தொடவில்லை. அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். "ரெண்டு பக்கமும் விசாரிச்சுப் போட்டிருக்கலாம்" என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மூன்று மணிக்கெல்லாம் திட்டு அவள் கையை மீறிப் போயிற்று. அப்போதுதான் அந்த வேலையைச் செய்தாள். இன்ஸ்டாகிராமில் வார்த்தைப் பட்டியல் ஒன்று கொடுக்கலாம். பட்டியலில் உள்ள வார்த்தை எந்தக் கமெண்ட்டில் வந்தாலும் அது தானாகவே மறைந்துவிடும். பட்டியலில் வசை வார்த்தைகளை வரிசையாக அடித்தாள். கடைசியாக 'சேரி' என்று அடித்தாள். சேரிக்கு, சேரில, சேரிக்காரன் என்று அதன் எல்லா உருவத்தையும் ஒன்று விடாமல் அடித்தாள். 'சேரிப் புத்தி' என்று அன்றைக்கு மட்டும் நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். காரணம் அது மட்டும் இல்லை. பத்தாம் வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து அந்த வார்த்தை அவள் முதுகில் வந்து விழுந்திருக்கிறது. திரையில் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் முதுகு கூசும். மறைந்து தொலையட்டும் என்று பட்டியலைச் சேமித்துவிட்டு சாயங்கால ரயிலைப் பிடித்தாள்.

வியாழன் காலை கமெண்ட் பகுதி கோயில் பிரகாரம் மாதிரி சுத்தமாக இருந்தது. அமராவதிக்குப் பெருமை. ப்ரீத்திதான் முகத்தைச் சுளித்தாள்.

"யக்கா, மேல நிக்கிற கமெண்ட்ட பாத்தியா?"

'உண்மை விளம்பி' என்று ஒருவன். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அழகான தமிழ். 'அந்த ஊர் எனக்கு நன்கு தெரியும். அங்கே பாதைப் பிரச்சினையே இல்லை. படம் ஜோடிக்கப்பட்டது. பிரச்சினை இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவராவது இங்கே வந்து சொல்லியிருக்க மாட்டாரா?' அறுநூறு லைக். கீழே வரிசையாக, ஆமாம், ஏன் ஒருவரும் வரவில்லை?

"அதான, ஏன் ஒருத்தரும் வர்ல?" என்றாள் ப்ரீத்தி. அமராவதிக்கும் அது உறுத்தியது.

பதினோரு மணிக்கு ஸ்ரீதர் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. விளம்பரம் கொடுக்கும் மண்டபக்காரர் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார்.

"அமராவதி, கமெண்ட்ட மொத்தமா ஆஃப் பண்ணிடும்மா. போஸ்ட் இருந்துட்டு போவட்டும். சாயங்காலத்துக்குள்ள பிரச்சன அடங்கணும்."

"ஆஃப் பண்ணா போட்ட கமெண்ட் எல்லாமே மறைஞ்சிடும் சார். பொய்ப் படம்னு கேட்டதுக்கு பயந்து ஓடிட்டாங்கன்னு சொல்லுவானுங்க."

"சொல்லட்டுமே! அந்த ஊர் ஆளுங்களே வந்து பேசல. நாம எதுக்கு இழுத்துப் போட்டுகினு அடிவாங்கணும்?"

மூன்று மணிவரை பொறுங்கள் என்று கேட்டு வாங்கினாள். நான்காவது படத்தில் பாடையை முன்னால் தூக்கியிருந்தவர் பழனிவேல். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். பாடையில் கிடந்தது அவர் அப்பா. அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வெள்ளாற்று வட்டத்துலேருந்து பேசறேன். உங்க ஊர்லேருந்து ஒருத்தராவது ஒரு வரி எழுதினா நல்லா இருக்கும்ணே."

எதிர்முனையில் லாரி உறுமல் கேட்டது. அதற்கு நடுவே பழனிவேல் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இன்னா மேடம், வெளாடறீங்களா? நேத்து சாயங்காலமே போட்டேன். பெருசா எழுதியிருக்கேன். என் தங்கச்சி போட்டுச்சு, எங்க தெருவுல போன் வெச்சிருக்கறவன் எல்லாம் போட்டான். ஒரு லைக் இல்ல, ஒரு பதில் இல்ல. நீங்களும் எங்கள மதிக்கலன்னு நெனச்சிகினோம்."

"போட்டீங்களா? இப்ப தெரியுதா உங்களுக்கு?"

"என் போன்ல கண்ணு முன்னாடி நிக்குது மேடம்!"

அமராவதி தன் சொந்தக் கணக்கிலிருந்து பார்த்தாள். இல்லை. அப்போதுதான் அந்தப் பட்டியல் ஞாபகம் வந்தது. பக்கத்தின் கணக்கைத் திறந்து, கமெண்ட்டின் அடிவரை தள்ளி, மறைக்கப்பட்டவற்றைக் காட்டும் இடத்தை அழுத்தினாள். அது குப்பைத் தொட்டி என்று நினைத்து நேற்றிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை அவள்.

நூற்று மூன்று இருந்தன. நாற்பது வசை. மீதி அறுபத்து மூன்றும் அந்த ஊர் ஆட்கள்.

'எங்க சேரிக்கு வந்து பாருங்க, பாத இருக்கா இல்லையான்னு.' 'நான் இந்த சேரில பொறந்தவ, எங்கம்மாவ இப்படித்தான் தூக்கினு போனாங்க.' பழனிவேல் எழுதியது பன்னிரண்டு வரி. 'எங்க அப்பா பேரு சின்னையன். நாப்பது வருஷம் அந்த வயல்ல நாத்து நட்டவரு. அந்த வரப்புல பொணமா போக எடம் இல்ல. சேரின்னு எழுத எனக்கு வெக்கம் இல்ல, தூக்கினு போனதுலதான் வெக்கம்.'

எழுதியவனுக்குத் தன் கமெண்ட் தெரிந்துகொண்டே இருக்கும், மற்றவர் யாருக்கும் தெரியாது. இந்தச் சூட்சுமம் அவளுக்கு நன்றாகத் தெரியும். திட்டுகிறவன் ஏமாறட்டும் என்றுதானே வைத்தாள்? ஏமாந்தது இவர்கள். அழகுத் தமிழில் பொய் சொன்னவன் மேலே உட்கார்ந்திருக்க, தன் தெருவைத் தன் பெயரால் சொன்னவர்களை அவளே, தன் கையாலேயே, வாயடைத்திருக்கிறாள். நாலு வார்த்தை தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வார்த்தைகளும் பட்டியலில் இருந்தவைதான்.

"அண்ணே, தப்பு என்னுது. நான்தான் மறைச்சிட்டேன். வேணும்னு இல்ல, ஆனா நான்தான். இப்பவே வெளில கொண்டாறேன்."

"செய்ங்க, பாப்போம்" என்று பழனிவேல் போனை வைத்துவிட்டார்.

பட்டியலில் 'சேரி'யை அதன் உருவங்களோடு நீக்கினாள். வசைகள் உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மூன்று கமெண்ட்டைத்தான் உச்சியில் குத்தி நிறுத்த முடியும். முதல் இடம் பழனிவேலுக்கு, இரண்டாவது அவர் தங்கச்சிக்கு. மூன்றாவதில் பக்கத்தின் பெயரில் எழுதினாள்: 'இந்த ஊர் மக்களின் கமெண்ட்டுகள் நேற்று முதல் எங்கள் ஃபில்டரால் மறைக்கப்பட்டிருந்தன. தவறு எங்களுடையது. இப்போது படியுங்கள்.' உண்மை விளம்பியை அவள் அழிக்கவில்லை. அவன் கேள்விக்குக் கீழேயே ஊர்க்காரர்கள் வரிசை கட்டிப் பதில் எழுத ஆரம்பித்தார்கள். இருபது நிமிஷத்தில் தன் கமெண்ட்டை அவனே அழித்துக்கொண்டு போனான்.

மூன்று மணிக்கு ஸ்ரீதர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆஃப் பண்ணலையா? சத்தம் இன்னும் ஜாஸ்தி ஆயிருக்கு!"

"பேச வேண்டியவங்க இப்பதான் சார் பேசறாங்க. நேத்தெல்லாம் நான் பூட்டி வெச்சிருந்தேன்."

"நான் சொன்னது இன்னா? ஆஃப் பண்ணு."

"நான் பண்ண மாட்டேன் சார்."

ப்ரீத்தி நாற்காலியோடு திரும்பிப் பார்த்தாள். நான்கு வருஷத்தில் அமராவதி 'மாட்டேன்' என்று சொல்லி அந்த அறை கேட்டதில்லை.

"ஒருக்கா அவுங்க வாய மூடிட்டேன். தெரியாம. தெரிஞ்சே இன்னொருக்கா மூட சொல்லாதீங்க. வேலய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்கங்க. ஆஃப் பண்ணணும்னா இந்தாங்க போன், உங்க கையால பண்ணுங்க."

ஸ்ரீதர் போனை வாங்கினார். வாங்கியவர் கண்ணில் முதலில் பட்டது பழனிவேலின் பன்னிரண்டு வரி. நின்றபடியே படித்தார். தள்ளினார், அடுத்ததையும் படித்தார். அப்புறம் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, "மண்டபக்காரன் கூப்பிட்டா நான் இல்லன்னு சொல்லு" என்று கீழே இறங்கி டீக்கடைக்குப் போனார். அவர் ஒன்றும் வீரர் இல்லை. ஆனாலும் அந்த பட்டனை அவர் அழுத்தவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

போன் மறுபடி அதிர்ந்தது. புதுக் கமெண்ட். ஏதோ ஒரு முகமில்லாத கணக்கு.

'இவ்ளோ துள்றியே, அட்மின் நீ எந்த சேரி?'

நேற்றென்றால் அவள் கண்ணுக்கே வந்திருக்காது. ப்ரீத்தி பதறினாள். "யக்கா, அழிச்சிடு. பிளாக் பண்ணு."

கட்டைவிரல் பழக்கத்தில் அழிக்கும் இடத்துக்குத்தான் போனது. முதுகு கூசுமா என்று ஒரு நொடி காத்திருந்தாள். பிறகு பக்கத்தின் கணக்கிலிருந்து வெளியே வந்து, தன் சொந்தப் பெயரும் சொந்தப் படமும் போட்ட கணக்கைத் திறந்து பதில் அடித்தாள்.

'மேல்பட்டாம்பாக்கம் சேரி. ரயிலடிக்கு அந்தாண்ட. பேர் அமராவதி. பாதைக்கு வா, அதைப் பேசுவோம்.'

அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். முதல் லைக் பழனிவேல் போட்டது.