உணர்வில்லாத கையும் சரிந்த வயரும்

பாரிசவாதம் என் மனைவியின் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சில் எதற்கும் ஆமோதிக்கும் "ஓம்" மட்டும் மிஞ்சியது. வலக்கையில் உணர்ச்சியே இல்லை. அது தெரிந்திருந்தும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் போன் சார்ஜரின் வயர், போனில் செருகும் முனைக்குள் பழுதாகியிருந்தது. ஒரு பக்கம் சரித்து அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். புத்தகத்தை முட்டாக அண்டை கொடுத்தேன், நழுவியது. ஒருநாள் போனைக் கட்டிலில் வைத்து, முனையை அவளுடைய அசையாத உள்ளங்கையின் கீழ் வைத்தேன். வயர் அப்படியே நின்றது.

"உமக்கும் ஒரு வேலை வந்திட்டுது" என்றேன்.

"ஓம்" என்று சிரித்தாள். அதன்பிறகு தினமும் மகள் வேலைக்குப் போனபின் அதுதான் வழக்கம்.

முனை சூடாவது எனக்குத் தெரியும். தொடுகை சரியில்லாத இடத்தில் தடை கூடும், வெப்பம் பிறக்கும் என்று முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். புது வயர் வாங்க பஸ் ஸ்டாண்ட் வரை போகப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடந்தேன்.

அன்று காலை மகள் தாயின் கைக்குச் சுடுதண்ணீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் வயரை வைத்துவிட்டு, துறைமுகப் பக்கம் மீன் வாங்கப் போய், தெரிந்தவர்களோடு கதையில் நின்றுவிட்டேன். திரும்பி வந்து படலையைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகும் மணம். அறைக்குள் ஓடினேன். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு அவளுடைய கையைத் தூக்கினேன். உள்ளங்கைத் தோல் வெளிறி, முனையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னைப் பார்த்தபடி கிடந்தாள். இடக்கையால் வயரைத் தட்டிவிட்டிருக்கலாம். தன் வேலை என்று நினைத்துப் பிடித்திருந்தாளோ?

ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படிச் சுட்டது என்று கேட்டார். சுடுதண்ணீர்ப் பை என்றேன். அருகில் நின்ற மகளின் முகம் செத்துப்போனது. மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதால் புண் ஆறாவிட்டால் விரல் எடுக்க வேண்டிவரலாம் என்றார் டொக்டர். அந்த வாரம் முழுக்க மகள் குசினி அடுப்படியில் அந்தப் பையை நிரப்பித் தன் மணிக்கட்டில் வைத்து வைத்துப் பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் போய்விடுமோ என்ற பயம் ஒன்று, மகள் உண்மையை அறிந்துவிடுவாளோ என்ற பயம் இன்னொன்று.

போன் சார்ஜ் ஏறுவதில்லை என்று மகள்தான் என்னைத் திருத்தும் கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் போனின் துவாரத்துக்குள் இருந்து கருகிய துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்தார்.

"சேர், வயரின்ர முனை உருகியிருக்கு. இதை ஆராவது பிடிச்சிருந்தா கை வெந்திருக்கும்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மாவின்ர கையிலயா வைச்சனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

விரல் தப்பியது. சார்ஜர் புதிது, வயரைப் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் நான் போனோடு அறைக்குள் போனால், அவள் இடக்கையால் வலக்கையைத் தூக்கி, வயரை வைக்கச் சொல்வதுபோல், தழும்புள்ள உள்ளங்கையை எனக்கு நீட்டுகிறாள்.