எழுபது சதவீதம், மூன்று பேர்

2006ஆம் ஆண்டின் ஆடி மாதத்தில், எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த ஒரு வீடு அன்புக்கரசியின் சம்பளத்தில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதம்வரை அங்கே நான்கு சம்பளம் வந்தது. கணவன் டில்லிபாபு, அவன் தம்பி லட்சுமணன், அவளுடைய தம்பி எழிலன் மூவரும் எண்ணூர் பக்கம் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார்கள். ஒரு காலையில் கேட்டில் பூட்டு தொங்கியது. மூவரும் ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள்.

அன்புக்கரசி கணக்கில் பட்டம் வாங்கியவள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. செய்ததைத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்குத்தான் அப்துல் வஹாப் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தன் தம்பியின் துணிக்கடைக்கு மேலே, ஆறு பேரை வைத்து, செல்போனில் ஓடும் விளையாட்டுகளைச் செய்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் வஹாப். முபாஷிர் நிரல் எழுதுவான். அது சொன்னபடி நடக்கிறதா என்று அன்புக்கரசி போனில் ஆடிப் பார்த்து, அறிக்கையில் கையெழுத்துப் போடுவாள்.

அப்போது கையில் இருந்தது ஒரு படை விளையாட்டு. கட்டம் போட்ட களம். நம் முறை வரும்போது நாம் நகர்த்தலாம், பிறகு எதிரியின் முறை. சுடுவதற்கு முன் திரையில் ஓர் எண் தெரியும்: அந்தக் குண்டு பட எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று. அருகே போனால் எண் ஏறும், நாமும் அடிபடக்கூடும். மறைவில் நின்றால் எண் இறங்கும். எந்த எண்ணை நம்பி எதைப் பணயம் வைப்பது என்பதுதான் ஆட்டம். மூன்று வீரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ‘சேர்ந்து சுடு’ என்று ஒரு கட்டளை கொடுக்கலாம். மூவரும் ஒரே இலக்கை நோக்கி ஒரே சமயத்தில் சுடுவார்கள். ஒருவன் தவறினாலும் மற்றவன் அடிப்பான் என்ற தைரியத்துக்காக வைத்தது அது.

பெங்களூரிலிருந்து விளையாட்டு திரும்பி வந்தது. ‘எழுபது என்று காட்டுகிறது, ஆனால் தவறிக்கொண்டே இருக்கிறது. எண் பொய் சொல்கிறது’ என்று கடிதம்.

அன்புக்கரசி முந்நூறு முறை சுட்டுப் பார்த்தாள். இருநூற்றேழு பட்டது. அறிக்கை எழுதினாள்: எண் சரி, எழுபதை ஆட்கள் மனத்துக்குள் நூறாகப் படித்துவிடுகிறார்கள், பத்தில் மூன்று தவறும் என்பதை மறந்து, தவறும்போது ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. இந்த முறை தொள்ளாயிரம் சுட்டாள். அறுநூற்று முப்பத்துநான்கு. மறுபடியும் கையெழுத்து.

மூன்றாவது கடிதம் வெள்ளிக்கிழமைவரை கெடு வைத்தது. அதற்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. வேறு ஒப்பந்தம் வஹாபிடம் கிடையாது.

“நீ சொல்றது கரெக்டாவே இருக்கட்டும்மா. அதுக்காக வாங்கறவன் பைத்தியக்காரனா?” என்றார் வஹாப்.

“இல்ல பாய்.”

“முபா, வெளிய எழுபது காட்டு. உள்ள எண்பத்தஞ்சா வெச்சிரு. அவனுக்கும் சந்தோஷம், நமக்கும் பேஜாரு இல்ல.”

“ஒரு வரி மாத்தணும் பாய், அவ்ளோதான்” என்றான் முபாஷிர். அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்து, “அக்கா, எல்லாரும் பண்றதுதான்” என்று சேர்த்துக்கொண்டான்.

திரையில் காட்டும் எண்ணும் உள்ளே நடப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் வீட்டில் கேஸ் தீர்ந்து நான்கு நாளாகியிருந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. முந்தைய பதிப்பை ஒன்றிலும் மாற்றிய பதிப்பை ஒன்றிலும் ஏற்றி, இரண்டு போன்களைப் பையில் போட்டுக்கொண்டு புதன்கிழமை மாலை பஸ் ஏறினாள்.

வீட்டில் மூன்று ஆண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அம்மு ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“கேட்டு தொறக்கறாங்களாமா?” என்று கேட்டாள் அன்புக்கரசி.

“தொறப்பான் தொறப்பான், இன்னா அவசரம்?” என்றான் டில்லிபாபு. “ஒன் வேலைக்கு இன்னா ஆச்சு?”

“வெள்ளிக்கிழம தெரியும்.”

“அப்ப அதுவும் ஊத்திக்கப் போவுதா?”

அவள் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். எழிலன் அவள் பையிலிருந்து ஒரு போனை எடுத்து ஆட ஆரம்பித்தான். பழைய பதிப்பு அது. கொஞ்ச நேரம் பொத்தான் அழுத்தும் சத்தம். பிறகு சிரித்தான்.

“இன்னாக்கா கேம் இது? அடிச்சா மூணு பேரும் கரீட்டா அடிக்கறானுங்க. இல்லன்னா மூணு பேரும் சேந்து கோட்ட வுடறானுங்க. நம்ம வூட்டு ஆம்பளைங்க மாதிரியே கீது.”

“டேய், வாய மூடு” என்றான் லட்சுமணன். ஆனால் அவனும் சிரித்தான்.

அன்புக்கரசி அடுப்பைப் பற்றவைக்காமல் திரும்பினாள். “எப்பவுமேவா?”

“இன்னா எப்பவுமே?”

“மூணு பேரும் சேந்து.”

“நான் பாத்தவரிக்கும் அப்டித்தான்.”

அவள் முந்நூறும் தொள்ளாயிரமும் சுட்டது தனி வீரனை வைத்து. சேர்ந்து சுடும்போது போன் ஒவ்வொரு தடவையும் எட்டு நொடி படம் காட்டும். தனியாகச் சுட்டால் இரண்டே நொடி. எண் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று நேரத்தை மிச்சம் பிடித்திருந்தாள்.

ஒரு நோட்டை எடுத்து எழிலன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எழுபது வர்ற எடத்துல நிறுத்தி, சேந்து சுடு. நூறு வாட்டி. நீ சொல்லு, நான் எழுதறேன்.”

“நூறா? சோறு யாரு ஆக்கறது?”

“சுடுடா.”

நோட்டில் கட்டம் போட்டு, பட்டால் ஒரு கோடு, தவறினால் ஒரு சுழி. ஒரு கட்டத்துக்கு மூன்று. பத்துக் கட்டம் தாண்டியதும் எழிலன் விளையாட்டாகச் சொல்வதை நிறுத்திவிட்டான். நூறு முடிந்தபோது அறுபத்தெட்டுக் கட்டத்தில் மூன்றும் கோடு, இருபத்தொன்பதில் மூன்றும் சுழி. கலந்து வந்தவை மூன்றே மூன்று. முந்நூறு குண்டில் பட்டவை இருநூற்றொன்பது. மொத்தமாகப் பார்த்தால் எழுபது சதவீதம் கொஞ்சமும் பிசகவில்லை.

ஆனால் ஒவ்வொரு வீரனின் குண்டும் மற்றவனைச் சாராமல் தனியாகப் போயிருந்தால் நூற்றுக்கு அறுபத்துமூன்று கட்டம் கலந்து வந்திருக்க வேண்டும். மூவரும் சேர்ந்து தவறுவது நூற்றுக்கு மூன்று தடவைகூட முழுதாக இராது. பெங்களூர்க்காரன் அந்த மூன்றை நம்பித்தான் தன் ஆட்களை வெட்டவெளியில் நிறுத்தியிருப்பான். அவனுக்குக் கிடைத்தது இருபத்தொன்பது. அவன் பைத்தியக்காரன் இல்லை. அவனைப் பைத்தியக்காரனாகக் காட்டியவை அவள் கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்கள்.

“இன்னாமே, பேயறஞ்ச மாதிரி கீற?” என்றான் டில்லிபாபு.

அவள் அவர்கள் மூவரையும் பார்த்தாள். மூன்று பேர் வேலைக்குப் போகிற வீடு, ஒருவனுக்குப் போனாலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் அம்முவை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தாள். அதையும் அவள்தான் கணக்குப் போட்டாள்.

மறுநாள் காலை நோட்டைப் பார்த்ததும் முபாஷிர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“எம் மேலதான் தப்பு அக்கா. படுமா தவறுமான்னு போன் உள்ள சீட்டு குலுக்கற மாதிரி ஒரு எண்ண எடுக்கும், அத ஒவ்வொரு ஆளுக்கும் தனியா, புதுசா ஆரம்பிக்க விட்டிருக்கேன். அது கடிகாரத்தப் பாத்துதான் ஆரம்பிக்கும். மூணு பேருக்கும் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போட்டு முடிச்சிருது. ஒரே நேரம், அதனால ஒரே எண்ணு. ஆட்டம் தொடங்கறப்ப ஒரு தடவ ஆரம்பிச்சு, அப்புறம் வரிசையா எடுத்துக்கிட்டே போயிருக்கணும்.”

“எண்பத்தஞ்சு ஆக்கினாலும்?”

“ஏழுல ஒரு தடவ மூணும் ஊத்திக்கும். கண்டுபிடிச்சிருவான்.”

வஹாப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார். “ரெண்டு தடவ கரெக்ட்னு கையெழுத்துப் போட்டது நீதானே?”

“நான்தான் பாய்.”

“திருத்தி அனுப்பிரலாம். ஏன்னு சொல்ல வேணாம்.”

“சொல்லித்தான் ஆகணும் பாய்” என்றாள். “திருத்தினதுக்கு அப்புறமும் நூத்துக்கு மூணு வாட்டி மூணு பேரும் தவறுவாங்க. அது நியாயமான தவறு. பெங்களூர்க்காரரு ஒரு இருபது வாட்டி சுட்டுப் பாத்தார்னா, அதுல ஒரு வாட்டியாவது அது வர்றதுக்கு நாப்பது சதவீதம் வாய்ப்பு இருக்கு. வந்துச்சுன்னா பழையபடியே கீதுன்னு தூக்கிப் போட்டுருவாரு.”

“அப்ப ரெண்டு பேர் தவறினா மூணாவது ஆள் கட்டாயம் அடிக்கற மாதிரி வெச்சுரட்டுமா?” என்றான் முபாஷிர்.

அப்படிச் செய்தால் அவள் வேலை பிழைக்கும். “அப்ப எழுபதுன்னு எழுதாத” என்றாள் அவள்.

கடிதத்தை அவளே எழுதினாள். பழைய பதிப்பின் நூறு கட்டங்களையும், திருத்திய பதிப்பில் அன்று மதியம் எண்ணிய நூறு கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்தாள். ‘ஒருமுறை மூவரும் தவறினால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், நூறு எண்ணிப் பாருங்கள்’ என்றாள். கடைசி வரி: ‘என் முதல் இரண்டு அறிக்கைகளும் தனி வீரனை மட்டும் வைத்துச் சோதித்தவை. அது என் பிழை.’

“இந்த வரி வேணுமா?” என்று கேட்டார் வஹாப்.

“இல்லன்னா மத்ததை எதுக்கு நம்புவாங்க?”

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போன் வந்தது. வஹாப் “சரி, சரி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாலாவது தடவையே மூணு பேரும் தவறினாங்களாம். லெட்டரப் பாத்துட்டு நூறும் எண்ணியிருக்கான். மூணு தடவ வந்துச்சாம். விளையாட்ட எடுத்துக்கறான்.”

முபாஷிர் மேஜையைத் தட்டினான். வஹாப் சிரிக்கவில்லை.

“இனிமே சோதனை எல்லாம் அவங்களே பண்ணிப்பாங்களாம். ரெண்டு தடவ தப்பா கையெழுத்துப் போட்ட எடத்துக்கு அதுக்குத் தனியா காசு தர முடியாதுன்னுட்டான்.” கொஞ்சம் நிறுத்தி, “கீழ தம்பி கடையில பில்லு போட ஆள் கேட்டான். சம்பளம் பாதிதான் வரும். சொல்லிப் பாக்கவாம்மா?”

“சொல்லுங்க பாய்” என்றாள். யோசிக்க அவளுக்கு இடம் இருக்கவில்லை.

ஆவணியில் ஒப்பந்தக்காரர் மூவரையும் திரும்பக் கூப்பிட்டார். லட்சுமணனாவது வேறு இடம் பார்க்கட்டும் என்று அவள் சொன்னாள்.

“கூப்ட்டு குடுக்கறான், வேணாம்னு சொல்லச் சொல்றியா? மெண்டலாமே நீ?” என்றான் டில்லிபாபு. அவன் கேட்டதிலும் தவறில்லை. மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

ஒரு மதியம், துணிக்கடையில் ஆள் இல்லாத நேரம், முபாஷிர் படியிறங்கி வந்து பில் புத்தகத்தின் மேல் ஒரு போனை வைத்தான். “அக்கா, புது ஆட்டம். இதுலயும் ‘சேந்து சுடு’ கீது. பெங்களூருக்கு அனுப்பப் பயமா கீது. நூறு மட்டும் எண்ணிக் குடேன்.”

“இதுக்கு யாரு சம்பளம் தர்றது?”

“டீ வாங்கித் தரேன்.”

அவள் ஒரு பழைய பில்லைத் திருப்பிக் கட்டம் போட்டாள். திரையில் எழுபது. அழுத்தினாள். முதல் தடவையே மூவரும் தவறினார்கள். முபாஷிர் மூச்சை இழுத்தான். அவள் முதல் கட்டத்தில் மூன்று சுழி போட்டுவிட்டு, அடுத்ததை அழுத்தினாள்.