வி.பி.பி.யில் வந்த சின்ன பூட்ஸ்

என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அதை அப்படி விட்டுவிட்டுப் போயிற்று. வீட்டுக்குள் பெரிதாகத் தெரியாது, சுவரைப் பிடித்துக்கொள்வேன். தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அறுபதுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் அப்பாவோடு இருந்தேன். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வருடம் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. பிரசவ விடுப்பில் போகும் ஆசிரியையின் இடம். நன்றாக இருந்தால் அப்படியே நீடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று வாய்விட்டு ஒருநாளும் சொல்லவில்லை. "ஸ்டேஷன்லேருந்து பள்ளிக்கூடம் எவ்ளோ தூரம் தெரியுமா?" என்பார். "மாடி இருக்கும். ஏறி ஏறி எறங்கணும்" என்பார். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்குப் பழகியிருந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டர்தான் வழி சொன்னார். சென்னையில் ஒருவர் இப்படிப்பட்ட கால்களுக்கென்றே பூட்ஸ் தைக்கிறார், அடியில் தக்கை வைத்து உயரத்தைச் சரிக்கட்டிவிடுவார் என்றார். இரண்டு பாதங்களையும் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுகளோடு முன்பணமும் அனுப்பினோம். மீதிக்கு வி.பி.பி.யில் அனுப்புவதாகப் பதில் வந்தது. தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார், நாம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், அந்தப் பணம் மணியார்டராகச் சென்னைக்குப் போய்விடும்.

வேலைக்குச் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய வாரம் பார்சல் வந்தது. துணியில் சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைத்த பார்சல். எங்கள் தெருத் தபால்காரர் நாற்பது வயதுக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, மெட்ராஸ் பார்சல் வந்துடுச்சி. பணம் எடுத்துகினு வா."

அப்பாதான் வெளியே போனார். கையை நீட்டினார்.

"குடுங்க, என்னான்னு பாத்துட்டுத் தரேன்."

"அப்பிடிக் குடுக்கக் கூடாதுங்க ஐயா. பணம் வாங்கிகினுதான் குடுக்கணும்."

"எத்தினி வருசமா என்னைத் தெரியும்? உள்ள போயி பணம் எடுத்துகினு வரதுக்குள்ள ஓடிடுவனா?"

தபால்காரர் தயங்கினார். வெயில் நேரத்தில் வந்தால் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுப்பது அப்பாவின் வழக்கம். முகத்தில் அடித்தாற்போல மறுக்க அவரால் முடியவில்லை. "பிரிக்க மட்டும் பிரிக்காதீங்க ஐயா" என்று சொல்லிப் பார்சலைக் கொடுத்தார். அப்பா அதை உள்ளே கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். பணம் எடுக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். சவரம் செய்யும் பிளேடை எடுத்துத் தையலை நீளமாக அறுத்துவிட்டார்.

"ஐயா! ஐயா!" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. அவர் உள்ளே வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

துணியை விலக்கி, அட்டைப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. என்னுடையது அல்ல. என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தால் விரல்கள் வெளியே தெரியும், அவ்வளவு சிறியது. வலது பூட்ஸின் இரு பக்கமும் இரும்புக் கம்பிகள் மேலே ஏறி, முழங்காலுக்குக் கீழே ஒரு தோல் பட்டையில் முடிந்தன. உள்ளே மெத்தென்று ஆட்டுத்தோல் வைத்துத் தைத்திருந்தது. நடக்கத் தொடங்கும் ஏதோ ஒரு குழந்தையினுடையது.

அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் குரல் உயர்ந்தது.

"நான் சொன்னேனா இல்லியா? முன்பணம் அனுப்பாதன்னு சொன்னேனா இல்லியா? ஊர ஏமாத்தறவன். எடுத்துகினு போய்யா இத! ஒரு பைசா குடுக்க மாட்டேன்."

தபால்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, பிரிச்ச பார்சல நான் எப்பிடித் திருப்பி எடுத்துகினு போறது? பிரிக்காம வேணாம்னு சொல்லிருந்தா வந்த எடத்துக்கே போயிடும். இப்ப பணம் கட்டலேன்னா எங்கிட்டதான் வாங்குவாங்க. அதோட போனா பரவால்ல. எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாங்க. வேலைக்கே ஒலை வெச்சிடுவாங்க."

"அது ஒன் பாடு."

அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கோர்ட்டில் யாரிடமும் ஒரு வெற்றிலை பாக்கு வாங்காதவர் என்று பெயரெடுத்தவர். அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். தபால்காரர் வெயிலில் அப்படியே நின்றார். தோள் பையில் இன்னும் பாதிக்கு மேல் தபால் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் போகவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, பிரிச்சது நாம. அவுருக்கு எதுக்கு அந்தப் பழி?"

"வராத பூட்ஸுக்கு எதுக்குப் பணம்?"

"மாத்தி வெச்சிட்டாங்க. எழுதினா நம்மளுத அனுப்புவாங்க."

"எப்ப அனுப்புவான்? நீ போயி சேர வேண்டிய தேதி தாண்டிடும்." பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார். "போவட்டும் விடு. இந்தக் காலோட நீ அங்க தனியா போயி என்னா பண்ணப் போற? அமையலன்னு வெச்சிக்குவோம்."

பூட்ஸ் வராததில் அவருக்குள் எங்கோ ஒரு நிம்மதி இருந்தது. அதை அவருடைய குரலில் கேட்டேன். வெளியே நிற்கும் மனிதரைவிட அதுதான் என்னை அதிகம் கலக்கியது. எனக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருந்தது. இந்த வீட்டிலேயே, இந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டே, இவரோடு நானும் கிழவியாகிவிடுவேன் என்று ஒரு பயம்.

சிதம்பரத்தில் அறைக்கு முன்பணம் கொடுக்க, பயிற்சிக் காலத்து உதவித்தொகையில் மிச்சம் பிடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தபால்காரர் வாங்கிக்கொண்டு என் கையெழுத்தையும் வாங்கினார்.

"சாயங்காலம் பார்சலோட ஆபீசுக்கு வா தங்கச்சி. மேல சுத்தியிருந்த துணியத் தூக்கிப் போட்டுடாத. போஸ்ட்மாஸ்டர் எதுனா வழி சொன்னாலும் சொல்லுவாரு. எனக்கு சரியாத் தெரியல."

ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போனேன். போஸ்ட்மாஸ்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மேல் துணியில் இருந்த விலாசத்தைப் பார்த்தார். விலாசம் சரியாக என் பெயருக்குத்தான் இருந்தது.

"மோசடின்னு எழுதிக் குடுங்க. மணியார்டர நிறுத்தி வெச்சிட்டு விசாரணைக்கு அனுப்பலாம். மோசடின்னு முடிவானா பணம் ஒங்களுக்குத் திரும்பி வரும். நாளாகும். பணம் கட்டின பெறகுதான பிரிச்சீங்க?"

கவுண்டருக்குப் பின்னால், அன்றைய வசூலை ஒப்படைத்துக்கொண்டிருந்த எங்கள் தபால்காரர் நிமிரவில்லை.

மோசடி என்று எழுதினால் விசாரணைக்கு ஆள் வருவார்கள். எப்போது பிரித்தீர்கள் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் தபால்காரருக்குக் கஷ்டம், மறைத்தால் நான் கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே, எனக்கு அது மோசடி என்று தோன்றவே இல்லை. ஏமாற்ற நினைக்கிறவன் செங்கல்லை வைப்பான், பழந்துணியை வைப்பான். ஒரு குழந்தையின் கணுக்காலில் உறுத்தக்கூடாது என்று இவ்வளவு நுணுக்கமாகத் தைத்ததை வைக்கமாட்டான்.

"மோசடி இல்லீங்க, மாறிப் போயிருக்கு" என்றேன். "நான் அவுங்களுக்கே திருப்பி அனுப்பிடறேன்."

போஸ்ட்மாஸ்டர் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப பணம் போயிடும், பரவால்லியா?" என்றார். பரவாயில்லை என்றேன். உண்மையில் அப்படிச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அங்கேயே பெட்டியைத் திரும்பக் கட்டித் தைத்து, மாறிவிட்டது என்று ஒரு கடிதம் வைத்து, ரிஜிஸ்தர் பார்சலில் அனுப்பினேன்.

சேர வேண்டிய நாளில், பழைய செருப்பின் இடது அடியில் செருப்பு தைப்பவர் ஒட்டித் தந்த இரண்டு டயர்த் துண்டுகளோடு திருப்பாப்புலியூரில் ரயிலேறினேன். அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

சிதம்பரத்தில் தலைமையாசிரியை என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "மேல் மாடி வகுப்பு. முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். முதல் வாரத்திலேயே இடுப்பு விட்டுப்போயிற்று. பிள்ளைகள் என்னைப் போலவே சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டிச் சிரித்ததையும் பார்த்தேன். கீழே இறங்க நேரமாகுமென்று மதியம் சாப்பாட்டை வகுப்பறையிலேயே வைத்துச் சாப்பிட்டேன். முன்பணத்துக்கு வழியில்லாததால், பள்ளி ஆயா தன் வீட்டில் ஒரு மூலையைத் தந்திருந்தாள். அங்கே படுத்துக்கொண்டு, அப்பா சொன்னது சரிதானோ என்று பல நாள் யோசித்தேன்.

மாதம் ஒன்றுக்கு மேல் கழித்து ஒரு சனிக்கிழமை அப்பா வந்தார். பள்ளி கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், கக்கத்தில் ஒரு பார்சலோடு நின்றார். பிரிக்கவில்லை. இந்த முறை அது சாதாரண ரிஜிஸ்தர் பார்சலாக வந்திருந்தது, பணம் எதுவும் கேட்கவில்லை.

"நீயே பிரி" என்றார்.

உள்ளே என் பூட்ஸ் இருந்தது. கூடவே சென்னைக்காரர் எழுதிய கடிதம். பேக்கிங்கில் இரண்டு பெட்டிகள் மாறிவிட்டன, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். என் பூட்ஸ் திருநெல்வேலிப் பக்கம் அந்தக் குழந்தையின் ஊருக்குப் போயிருக்கிறது. வீட்டார் கட்டப் பணமில்லாமல் அதை வாங்கவே இல்லை. பிரிக்காமல் தபாலாபீசிலேயே கிடந்து கெடு முடிந்து திரும்பி வந்ததால்தான் இந்தத் தாமதம். குழந்தையின் பூட்ஸும் இப்போது தன்னிடம்தான் இருக்கிறது, கடனாகவே அனுப்புவதாக எழுதியும் அவர்களிடமிருந்து பதில் இல்லை என்றும் இருந்தது.

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். மறுபடி விரித்துப் படித்தார்.

"கொழந்தைக்கு மூணு வயசு இருக்குமா?"

"அதுக்குள்ளதான் இருக்கும்."

அவர் கண்ணைத் துடைத்தாரா வியர்வையைத் துடைத்தாரா, தெரியவில்லை. நான் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டேன். இடது குதிகாலில் இறுக்கமாக இருந்தது.

"நட பாப்போம்" என்றார்.

கேட்டிலிருந்து தெரு முனைவரை நடந்து திரும்பி வந்தேன். தலை ஒரே மட்டத்தில் இருந்தது. அது எனக்கே புதிதாக, கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

"இறுக்குதா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. ஒன் மொகத்துல தெரியுது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த மெட்ராஸ்காரருக்கு நான் எழுதறேன். அந்தக் கொழந்த வீட்டு வெலாசத்தக் கேட்டு."

எழுதினார். விலாசம் வந்தது. பூட்ஸுக்கான பணத்தைத் தானே கட்டுவதாக அந்த ஊருக்கும் மூன்று முறை எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசிக் கடிதம், விலாசதாரர் ஊரில் இல்லை என்று அந்த ஊர்த் தபால்காரர் கைப்பட எழுதிய குறிப்போடு திரும்பி வந்தது. அப்பா அதை எனக்குச் சிதம்பரத்துக்கு அனுப்பவில்லை, தீபாவளிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது வாயால்தான் சொன்னார். அன்று முழுக்க இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.