பத்துப் பத்தாய் எழுந்தவன்

எனக்குச் சும்மா உட்கார வராது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஷிப்டு முடிந்ததும் நேரே தகரக் கொட்டகை ஜிம்முக்கு ஓடுவேன். அங்கே ஏழு பேருக்கு ஒரே இரும்பு ராடு. எடைத் தட்டை ஆளுக்கு ஆள் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, எடை ஏற ஏற எல்லாரும் வரிசையாக அதையே தூக்குவோம். ஒவ்வொரு எடையிலும் பத்து ஸ்குவாட், அதாவது ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது. குறைத்தால் கேலி.

மாவட்ட வலுதூக்கும் அணியில் என் எடைப்பிரிவுக்கு ஓர் இடம். அதற்கு நானும் பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்து நண்பன் ஒருவனும் போட்டி. நூற்றுமுப்பது கிலோவோடு ஒருமுறை எழுந்தால் போதும். நான் நூற்றிருபதில் மூன்று முறை எழுந்தவன். இடம் எனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

தேர்வு திருவள்ளூரில். நடுவர் வருவதற்கு முன்பே நான் உடம்பைச் சூடேற்ற ஆரம்பித்துவிட்டேன். வெறும் ராடு, நாற்பது, அறுபது, எண்பது, நூறு, எல்லாம் பத்துப் பத்து. அவர் வரத் தாமதம். உடம்பு ஆறிவிடுமோ என்று பயம். மறுபடியும் அறுபதிலிருந்து பிடித்தேன்.

நண்பன் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் கிடந்தான்.

"இன்னாபா, திரும்பவும் பத்தா? வெயிட்டு ஏற ஏற எண்ணிக்கைய கொறைக்கணும்பா. காலு ஓஞ்சிடும்."

"உன் வேலையப் பாத்துக்கினு போ. பேஜார் பண்ணாத," என்று எரிந்து விழுந்தேன். என்னைத் தடுத்து ஜெயிக்கப் பார்க்கிறான் என்றே நினைத்தேன்.

நடுவர் வந்த பிறகுதான் அவன் எழுந்தான். வெறும் ராடில் எட்டு, அறுபதில் ஐந்து, தொண்ணூற்றில் மூன்று, நூற்றுப்பத்தில் ஒன்று, நூற்றிருபதில் ஒன்று. நடுவே போய் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டான். இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நூற்றுமுப்பதோடு அவன் இறங்கினான், கொஞ்சம் நடுங்கினான், எழுந்துவிட்டான். நானும் இறங்கினேன். பாதி வழியில் தொடை இரண்டும் என்னுடையவை இல்லை என்றாகிவிட்டது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் ராடைத் தாங்கிப் பிடித்தார்கள். மூன்று வாய்ப்பிலும் அதே கதைதான்.

நான்கு நாள் அவனிடம் பேசவில்லை. அவமானமும் பொறாமையும் சேர்ந்து சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கொட்டகையில், மற்றவர்களின் கேலியைக் காதில் வாங்காமல் அவன் கணக்கையே அப்படியே செய்தேன். எட்டு, ஐந்து, மூன்று, ஒன்று, ஒன்று. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். அந்த ஐந்து நிமிஷம் இருந்ததே, அதுதான் பெரும் பாடு. கால் தரையில் தாளம் போட்டது.

நூற்றுமுப்பது எழுந்தது. கேலி பண்ணிக்கொண்டு நின்ற பையன்களே கத்தினார்கள். ராடை இறக்கி வைத்துவிட்டு நான் அழுதேன். அன்று காலைதான் அவனோடு மாவட்ட அணி போட்டிக்கு ரயில் ஏறியிருந்தது.