கையெழுத்து அப்பாவுதுதான்

கறிகாய்க்காரி ஒரு கத்திரிக்காய் கூடுதலாகப் போட்டால் லலிதாம்பாள் எடுத்துத் திருப்பி வைப்பாள். ஒன்று குறைந்தாலோ, வலியசாலைத் தெருமுனை வரை துரத்திப்போய் வாங்கி வருவாள்.

அவள் ஒரே மகள். அப்பா போனபின், அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு தனக்குத்தான் என்றிருந்தாள். பெரியப்பா மகன் பட்டாபி ஓர் உயிலைக் கொண்டுவந்து நீட்டினான். வீடு முழுதும் அவனுக்கு. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று.

"கையெழுத்தே கள்ளம்னு சொல்லிடுங்கோ அம்மா, எளுப்பமா, ஒரே வார்த்தையிலே ஜெயிக்கலாம்" என்றார் அவளுடைய வக்கீல்.

"கையெழுத்து அப்பாவுதுதான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உயில் இந்த ஊர் மலையாளத்திலேன்னா இருக்கு? அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அதைக் கேளுங்கோ!"

கோர்ட்டு வராந்தாவில் பட்டாபி சிரித்தான். "கையெழுத்தை ஒத்துண்டாச்சே, இனி என்னடி வழக்கு?"

"உள்ளே வாடா, சொல்றேன்."

உயிலை எழுதிய பத்திர எழுத்தரைக் கூட்டிவந்ததும் பட்டாபி, சாட்சிகளைக் கூட்டிவந்ததும் பட்டாபி என்று விசாரணையில் வெளிவந்தது.

"உயிலை அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?" என்று ஒரு சாட்சியிடம் லலிதாம்பாளின் வக்கீல் கேட்டார்.

சாட்சி தலையைச் சொறிந்தார். "அவர் ஜுரத்திலே கிடந்தார். பட்டாபி காட்டின இடத்திலே கையெழுத்துப் போட்டார்."

லாபம் அடைகிறவனே முன்னின்று எழுதிவாங்கிய உயிலில், சந்தேகத்தைத் தீர்ப்பது அவன் பொறுப்பு. அவன் தீர்க்கவில்லை என்று ஜட்ஜி உயிலைத் தள்ளினார்.

பல மாதம் கழித்துத்தான் லலிதாம்பாளுக்குத் தெரியவந்தது: கையெழுத்து அசல்தான் என்று நிரூபிக்க மதராஸிலிருந்து கையெழுத்து நிபுணர் ஒருவரை வரவழைத்து, ஊருக்குள் கிழக்கேகோட்டையில் தங்கவைத்து, அவள் "கள்ளக் கையெழுத்து" என்று சொல்வாள் என்றே பட்டாபி காத்திருந்தானாம்.